நோட்டில் ஏறாத வேலைகள்

ஆடி பிறந்து இரண்டாம் நாள். வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள், எங்கள் பார்லரின் மூத்த ஸ்டைலிஸ்ட் என் மேசை முன் வந்து நின்று, "இந்த மாசம் முடிஞ்சதும் நின்னுக்கறேன் அக்கா" என்றார். ஆறு ஆண்டுகள் என்னோடு வேலை செய்தவர். தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் கடையில் நானும் ஐந்து பேரும்தான்; அந்த ஐந்து பேரில் தலைமுடிக்குக் கலர் போடுவதையும் ஸ்மூத்தனிங் செய்வதையும் மணப்பெண் அலங்காரத்தையும் தனியாக நின்று முடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கடை காற்று வாங்கும். ஆவணி பிறந்தால் மூன்று மணப்பெண்கள் காத்திருந்தார்கள், மூவரிடமும் முன்பணம் வாங்கியாகிவிட்டது. அவர் கேட்டுக்கொண்ட கெடு ஆடிக் கடைசி என்பதால், ஆவணி முழுவதும் என் தலையில்தான் விழும்.

அன்று காலை எனக்கு முதலில் வந்தது கோபம்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதை வாயைத் திறந்து காட்டாமல் இருந்ததற்கு ஒரே காரணம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெண் வேலையை விட்டுப் போனபோது நான் நடந்துகொண்ட விதமும் அதற்குக் கொடுத்த விலையும் நினைவில் இருந்ததுதான். அப்போது அவர் நிற்கிறேன் என்று சொன்ன அன்றே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கினேன், அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன், கணக்கு முடித்து மறுநாளே அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் ஸ்மூத்தனிங்குக்கு வந்தார். முன்பு எந்த மாதத்தில் செய்தார், எந்த இடம்வரை கிரீம் பட்டது என்று எழுதிவைத்த குறிப்பு எதுவும் எங்களிடம் இல்லை. வேரிலிருந்து நான்கு விரல் அளவுக்கு வளர்ந்த புது முடிக்கு மட்டும் தடவ வேண்டிய கிரீம், ஏற்கெனவே நேராக்கிய நீளத்தின் மேலும் பட்டுவிட்டது. முடியின் உள்கட்டைத் தளர்த்தி மறுபடி பூட்டுகிற வேலை அது. ஒருமுறை தளர்த்திய இடத்திலேயே மீண்டும் தளர்த்தினால் அந்த இடத்தில் முடிக்கு வலு இருக்காது. அன்று கண்ணாடியில் பார்த்தபோது எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் தலை சீவும்போது கழுத்தளவில் கொத்தாக ஒடிந்து சீப்பில் வந்ததாக, ஒடிந்த முடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முடியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே இந்த முறை இரண்டு காரியங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டேன். ஏன் போகிறார் என்று கேட்கும் பேச்சும், வாடிக்கையாளர்களை ஒப்படைக்கும் பேச்சும் ஒரே நாளில், ஒரே மூச்சில் நடக்கக் கூடாது. 'யார் யாரெல்லாம் உன்னிடம் வருகிறார்கள், பட்டியல் கொடு' என்று கேட்ட வாயோடு 'உனக்கு இங்கே என்ன குறை?' என்றும் கேட்டால், இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வராது, முதலாவதற்கு முழுமையான பட்டியலும் வராது. அடுத்தது, கணக்கு முடிக்கும் பயம் அவருக்கு இருக்கும்வரை எந்தக் கேள்வியும் பயனில்லை. மாதச் சம்பளம், நிலுவையில் இருந்த ஊக்கத்தொகை எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொன்னேன். ஆறு ஆண்டு அனுபவச் சான்றிதழைக் கடையின் லெட்டர்பேடில் அடித்துக் கையெழுத்திட்டு, பேச்சு நடப்பதற்கு முதல்நாளே கையில் கொடுத்துவிட்டேன். என்னிடமிருந்து அவர் பெற வேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்ற நிலையில்தான் அவர் மனம்விட்டுப் பேசுவார் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊரில் செவ்வாயன்று தலைமுடியில் கத்தரி படக்கூடாது என்று இன்றும் பலர் பார்ப்பதால் அன்று கூட்டம் இருக்காது. மற்றப் பெண்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, வாடிக்கையாளர்கள் உட்காரும் இரண்டு நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிரே கண்ணாடி. இது நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நானும் இந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்குமே என்றுதான் அங்கே போனேன். பிறகு யோசித்தால், நாள் முழுவதும் அவர் மனிதர்களோடு கண்ணாடி வழியாகப் பேசியே பழகியவர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கியதைக் கண்ணாடியில் தெரிந்த என்னிடம் எளிதாகச் சொன்னார்.

முதலில் சொன்ன காரணம் தூரம். அவர் வீடு பென்னாகரத்தில். தருமபுரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இரவு எட்டு மணிக்கு மேல் கடையிலிருந்து கிளம்பினால் வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறான். இது பொய்யில்லை. ஆனால் இதே தூரத்தை ஆறு ஆண்டுகளாக அவர் வந்து போய்க்கொண்டிருந்தார். போகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வீடு, பிள்ளை, மாமியார், பஸ் என்று, கேட்பவர் மனம் புண்படாத காரணமாகப் பார்த்துச் சொல்வார்கள். "சரி" என்று கேட்டுக்கொண்டு அத்தோடு எழுந்திருந்தால் நான் எதையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். "ஏன்?" என்று மறுபடியும் கேட்டால் அதே பஸ்ஸைத்தான் இன்னும் விரிவாகச் சொல்வார். எனவே கேள்வியை மாற்றினேன். "போயிடலாம்னு உனக்கு முதல்ல தோணுனது எந்த நாளும்மா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பங்குனியில் ஒரு வியாழக்கிழமை என்றார்.

அன்று நடந்ததை எனக்கும் பாதி தெரியும். எங்களிடம் இருக்கும் இளைய பெண் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்திக்கு முடியில் ஹைலைட் போட்டபோது பிளீச் தடவிய பகுதிகள் திட்டுத்திட்டாகவும் வேரோரம் ஆரஞ்சாகவும் வந்துவிட்டது. வேரோரம் தலையின் சூட்டில் பிளீச் வேகமாக வேலை செய்யும் என்பதால் அங்கே கடைசியில் தடவ வேண்டும். அந்தப் பெண் முதலில் தடவிவிட்டார். மாணவி அழ ஆரம்பித்தாள். நான் மூத்தவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துச் சரி பண்ணிடும்மா" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' நான்கு மணி நேரம் ஆனது. அவருக்காகக் காத்திருந்த இரண்டு பேரில் ஒருவரை வேறொருவரிடம் அனுப்பினேன், இன்னொருவர் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். ஒன்று 1,200 ரூபாய் ரூட் டச்சப், மற்றொன்று 500 ரூபாய் கிளீனப். மாணவியிடம் சரிசெய்ததற்குக் காசு வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நல்லபடியாகச் சமாளித்தோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்குத் தெரியாத மீதியை அவர் தன் கைப்பையிலிருந்து எடுத்த சின்ன டைரியைப் பிரித்துக் காட்டினார். எங்கள் கடையில் அவருக்குச் சம்பளம் 18,000 ரூபாய். அதற்கு மேல், ஒரு மாதத்தில் அவர் பெயரில் 60,000 ரூபாய்க்குப் பில் ஆனால், மொத்தத் தொகையில் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 60,000 ஆகாவிட்டால் ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கை வகுத்தது நான்தான். பங்குனியில் அவர் பெயரில் ஆன பில் 58,700. அந்த வியாழக்கிழமை கைவிட்டுப் போன 1,700 ரூபாயும் அவர் பெயரில் ஏறியிருந்தால் 60,400 ஆகியிருக்கும்; 3,020 ரூபாய் கிடைத்திருக்கும். 1,300 ரூபாய் குறைந்ததால் அந்த 3,020-உம் போயிற்று.

அதைவிட எனக்கு உறைத்தது டைரியின் அடுத்த பக்கம். அந்த ஒரு மாதத்தில் பிறர் செய்த வேலையைச் சரிசெய்தவற்றை அவர் தேதியோடு குறித்து வைத்திருந்தார். ஒரு புருவம் மெலிந்துபோய் மற்றதோடு ஒத்துவராமல் போனது, கழுத்துப் பக்கம் கலர் பிடிக்காமல் வெள்ளை தெரிந்தது, லேயர் கட்டில் ஒருபக்கம் நீளமாய் நின்றது என்று மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தையும் பக்கத்தில் எழுதியிருந்தார். கூட்டினால் பத்தொன்பது மணி நேரம். ஏறக்குறைய இரண்டு முழு வேலை நாள். எங்கள் நோட்டில் இந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் நோட்டில் பணம் வாங்கிய வேலை மட்டும்தான் ஏறும். கடையில் யாருக்குக் கை சுத்தமோ அவரிடம்தான் பழுதான வேலை போய்ச் சேரும். பழுதான வேலைக்குக் காசு கிடையாது. ஆகவே கை சுத்தமாக இருப்பதற்கு மாதம் இரண்டு நாள் அபராதம் கட்டுகிற ஏற்பாட்டைத்தான் நான் நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு தவறு செய்தேன். "அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். கேள்வி கேட்கும் இடத்திலிருந்து வாதாடும் இடத்துக்குப் போய்விட்டேன் என்பது அவர் டைரியை மூடியதும்தான் தெரிந்தது. "சொன்னேங்க்கா. 'கல்யாண சீசன் முடியட்டும் பாத்துக்கலாம்'னு சொன்னீங்க" என்றார். சொல்லியிருப்பேன். பங்குனியில் என்னிடம் யார் எதைச் சொன்னாலும் அந்தப் பதில்தான் வரும். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் கொடுக்காமல், டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். டீ வந்த பிறகுதான் பேச்சு மறுபடி ஓடியது. திட்டுத்திட்டாக ஹைலைட் போட்ட பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை; சின்னப் பெண், கற்றுக்கொள்வாள் என்றதோடு சரி. போகிறவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மறுநாள் மற்ற நான்கு பேரிடமும் தனித்தனியாக, பங்குனி மாதம் யாருடைய வேலையை யார் சரிசெய்தீர்கள் என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். கணக்கு ஒத்துவந்தது.

பேச்சின் முடிவில்தான், பென்னாகரத்திலேயே சொந்தமாக ஒரு சிறு பார்லர் போடப் போவதாகச் சொன்னார். இதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது, விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்குத் தருமபுரி மாவட்டத்தில் தனியாகக் கடை போடக் கூடாது என்று ஒரு பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். எங்கள் தொழிலில் பலர் இப்படி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உறவினரான வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவைச் சொன்னார். ஒருவர் நியாயமான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்போதே வெளியில் அதே வேலையைச் செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்தலாமே தவிர, வேலையை விட்ட பிறகு அவர் தொழிலைத் தடுக்க முடியாது. அந்தப் பத்திரத்தை அன்று மாலை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. செல்லாத தாளைக் காட்டிப் பயமுறுத்தினால் ஒப்படைக்கும் வேலை கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

ஒப்படைக்கும் பேச்சு இரண்டு நாள் கழித்து, நோட்டோடு உட்கார்ந்து நடந்தது. கடந்த ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டி, அவர் கைப்பட்ட எல்லோரையும் எழுதாமல், அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களை மட்டும் எழுதினோம். 38 பேர் தேறினார்கள். இவர்களில் 15 பேர் த்ரெடிங்குக்கும் வேக்ஸிங்குக்கும் வருகிறவர்கள். இவர்களுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை, யாருக்குப் புருவத்தில் வளைவு வேண்டாம், யாருக்கு வேக்ஸ் சூடு குறைவாக இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். மூவர் மணப்பெண்கள். மீதி 20 பேர் தலையில் ரசாயனம் படுகிறவர்கள். 14 பேருக்கு நரைக்குக் கலர், 6 பேருக்கு ஸ்மூத்தனிங். எங்கள் நேரம் முழுவதும் இந்த 20 பேருக்கே போயிற்று.

ஏனென்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை நரை தெரியும் வேரில் மட்டும் கலர் போட வருவார். எங்கள் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு எதிரே 'ரூட் டச்சப், 4.0, 20 வால்யூம்' என்று இருந்தது. 4.0 என்பது நடுத்தரப் பழுப்பு நிறத்தின் எண். 20 வால்யூம் என்பது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள, கலரோடு கலக்கும் டெவலப்பர். இந்த ஒரு வரியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கலர் போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூத்தவரிடம், அந்த டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும்வரை என்னென்ன செய்கிறாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

டீச்சருக்கு நெற்றியோரத்திலும் காதோரத்திலும் நரை முரட்டுத்தனமானது. கலர் எளிதில் பிடிக்காது. எனவே அங்கே முதலில் தடவி 45 நிமிடம் விட வேண்டும், பின்பக்கத்தில் கடைசியாகத் தடவி 35 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எல்லா இடத்துக்கும் ஒரே நேரம் என்று வைத்தால் பின்பக்கம் கறுத்து முன்பக்கம் வெளுத்து நிற்கும். கலருக்கு முன் தலையை அலசுவதும் கடைசியில் கழுவுவதும் கேன் தண்ணீரில்தான். எங்கள் போர் தண்ணீரின் உப்பு முடியில் படிந்தால் கலர் சீராக ஏறாது, முடியும் சொரசொரப்பாகிவிடும். வெயில் கால விடுமுறையில் டீச்சர் வீட்டிலேயே கடையில் விற்கும் கறுப்பு மருதாணிப் பொடியைத் தடவிக்கொள்வார், கேட்டால் இல்லை என்பார். அந்தப் பொடிகளில் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், அதன்மேல் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி பாழாகும். அதனால் ஜூன் மாதம் டீச்சர் முதல்முறை வரும்போது மட்டும், மூத்தவர் பின்கழுத்தில் நான்கைந்து முடியை வெட்டி, சின்னக் கிண்ணத்தில் 20 வால்யூம் டெவலப்பரோடு சில சொட்டு அமோனியா விட்டு அரை மணி நேரம் போட்டுப் பார்ப்பார். கிண்ணம் சூடானாலோ நுரைத்தாலோ அன்றைக்குக் கலர் கிடையாது. டீச்சர் இதுவரை இந்தச் சோதனையைத் தன் நரையின் அளவு பார்ப்பது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, ஒருமுறை வேறு கம்பெனிக் கலர் போட்டபோது டீச்சருக்குக் காதின் பின்னால் அரித்துத் தடித்தது. அதிலிருந்து எந்தப் புது டப்பா பிரித்தாலும் 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்னால் ஒரு பொட்டுத் தடவிப் பார்க்காமல் அவர் தலையைத் தொடுவதில்லை. கலரில் இருக்கும் பிபிடி என்ற சாயப்பொருள் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்தமுறை இன்னும் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்த டீச்சருக்கு அப்படி ஒருமுறை ஆனது என்பது கடையில் மூத்தவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த ஒரு வரியில் இவற்றில் எதுவும் இல்லை. இப்படி 20 பேருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை எழுதினோம்; அவர் சொல்லச் சொல்ல, அவர் இடத்துக்கு வரவிருந்த பெண்ணையே எழுதச் சொன்னேன். தன் கையால் எழுதியதைத்தான் அந்தப் பெண் பிறகு படித்துப் புரிந்துகொள்ள முடியும். ஸ்மூத்தனிங் செய்தவர்களின் அட்டையில், கடைசியாகச் செய்த மாதத்தையும், பழைய வேலை வேரிலிருந்து எத்தனை அங்குலத்தில் தொடங்குகிறது என்பதையும் சிவப்பு மையில் எழுதினோம். சீப்பில் வந்த முடியை மறக்கவில்லை.

அட்டை எழுதுவதோடு வேலை முடிந்துவிடவில்லை, வாடிக்கையாளரையும் கையோடு மாற்றிவிட வேண்டும். இங்கே ஒரு கணக்குச் சிக்கல் வந்தது. நரைக்குக் கலர் போடுகிறவர்கள் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள். எங்களுக்கு இருந்தது முப்பது நாள். 14 பேரில் அந்த மாதத்துக்குள் வரவேண்டியவர்கள் 9 பேர்தான். இந்த 9 பேருக்கும், வந்த அன்றைக்குப் புதுப் பெண் கலரைக் கலந்து தடவ, மூத்தவர் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தபடி பார்த்துக்கொண்டார். 'அடுத்த முறையிலிருந்து இவங்கதான் பார்த்துப்பாங்க' என்று மூத்தவர் வாயாலேயே, வாடிக்கையாளர் நாற்காலியில் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். பில் போடும் மேசையில் நான் சொன்னால் அது அறிவிப்பாக இருக்கும். தலையில் கை வைத்திருப்பவர் சொன்னால்தான் அதை நம்புவார்கள். மீதி 5 பேரை முன்கூட்டி வரவழைக்கலாமா என்று எனக்கு ஆசை இருந்தது. மூத்தவர் வேண்டாம் என்று தடுத்தார். போன கலர் போட்டு மூன்று வாரம்கூட ஆகாத தலையில் எங்களுடைய வசதிக்காக மறுபடி கலர் போடுவது நியாயமில்லை. அவரே அந்த ஐவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார், நான் பக்கத்தில் இல்லாதபோது.

எங்கே போகிறார் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் உண்மையான பேரம் நடந்தது. 'ஊருக்குப் போகிறார்' என்று மழுப்பலாம் என்றேன் நான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை; பென்னாகரத்தில் கடை போட்ட பிறகு எப்படியும் தெரிந்துவிடும், அன்றைக்கு நாம் இருவரும் பொய் சொன்னவர்கள் ஆவோம் என்றார். இறுதியில் வந்த முடிவு இது: வேலையில் இருக்கும்வரை அவராக யாரையும் தன் கடைக்கு அழைக்க மாட்டார், கடையின் நோட்டையோ அட்டைகளையோ படம் எடுத்துக்கொள்ள மாட்டார், அவர் போன பிறகு யாராவது கேட்டால் நாங்கள் உள்ளதைச் சொல்லி, அவருடைய எண்ணைக் கொடுப்போம். என் கணவருக்கு இதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

மணப்பெண்கள் விஷயம் அவ்வளவு சுமுகமாக முடியவில்லை. மூவரில் ஒருவருக்கு ஒத்திகை மேக்கப் முடிந்து, முகத்துக்கு எந்த ஷேட், ஜடைக்கு எவ்வளவு சவுரி என்று எல்லாம் முடிவாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் மூத்தவரே ஆவணியில் வந்து செய்வது என்றும், 15,000 ரூபாயில் அவருக்கு 7,000 என்றும், பொருளும் வண்டியும் கடையின் பொறுப்பு என்றும், புதுப் பெண் உதவிக்கு நிற்பது என்றும் எழுதி வைத்துக்கொண்டோம். இரண்டாவது பெண்ணுக்கு ஒத்திகையே நடக்கவில்லை என்பதால், புதுப் பெண்ணை வைத்தே ஒத்திகை நடத்தினோம், மூத்தவர் கூட இருந்தார், அவர்களுக்குத் திருப்தி. மூன்றாவது பெண்ணின் அம்மா, ஆள் மாறுவதைக் கேட்டதும் கடைக்கே வந்து சத்தம் போட்டார். மூத்தவரை நம்பித்தான் முன்பணம் கொடுத்தோம் என்றார், அது உண்மையும்கூட. அதே நாளில் மூத்தவரின் சொந்தக்காரர் கல்யாணமும் இருந்ததால் வேறு வழியில்லை. முன்பணம் 2,000 ரூபாயை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் வேறு பார்லர் பார்த்துக்கொண்டார்கள். இதை ஆடி முதல் வாரத்திலேயே சொன்னதால் அவர்களுக்கு ஆள் தேட நாலு வாரம் கிடைத்தது என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

சரிசெய்யும் வேலைகளுக்கு இப்போது நோட்டில் தனிப் பத்தி இருக்கிறது. யாருடைய வேலை, யார் சரிசெய்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுகிறோம். வாடிக்கையாளரிடம் காசு வாங்காவிட்டாலும், அந்த வேலையின் விலையில் பாதி சரிசெய்தவர் கணக்கில் ஏறும். 60,000-ஐத் தொட்டால்தான் உண்டு என்ற ஊக்கத்தொகையை எடுத்துவிட்டு, 40,000-க்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உண்டு என்று மாற்றினேன். இதில் மாதம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகிறது. தவறு செய்தவர் பெயர் நோட்டில் ஏறுவதால் அதை மறைக்கப் பார்க்கிறார்களோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. போன மாதம் அப்படி ஒன்று, வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஐப்பசி பிறந்தபோது கணக்குப் பார்த்தேன். மணப்பெண்கள் நீங்கலான 35 பேரில் 24 பேர் எங்களிடமே வந்திருந்தார்கள். 7 பேர் பென்னாகரம் போய்விட்டார்கள். அவர்களில் 5 பேர் கலர் போடுகிறவர்கள், த்ரெடிங்குக்காக 30 கிலோமீட்டர் யாரும் போகவில்லை. 4 பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

டீச்சர் புரட்டாசி முதல் வாரத்தில் வந்தார். புதுப் பெண் அட்டையை எடுத்துக் கண்ணாடி முன் சாய்த்து வைத்துக்கொண்டு, நெற்றியோரத்திலிருந்து தடவத் தொடங்கினார். கழுவும்போது டீச்சர் கண்ணை மூடியபடியே, "கேன் தண்ணிதானே?" என்றார். ஆமாம் என்றார் புதுப் பெண். பில் கொடுக்கும்போது டீச்சர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, பழைய பெண்ணின் எண் கிடைக்குமா, என் தங்கை பென்னாகரத்தில்தான் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கிறேன் என்றார். தங்கைக்குத்தானா என்று நான் கேட்கவில்லை. பில்லின் பின்பக்கத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.